அது தமிழ்தான், ஆனால் யாருக்கு?

கீழே இருக்கும் வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஒரே மூச்சில் முடித்தால் உங்கள் நுரையீரலுக்கு என் வாழ்த்துகள்.

'உத்தேசிக்கப்பட்டுள்ள அனல் மின் திட்டத்தின் அமைவிடத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவிலான ஆய்வுப் பகுதியில் நிலவும் அடிப்படைச் சுற்றுச்சூழல் தரவுகள் சேகரிக்கப்பட்டு, திட்டத்தினால் ஏற்படக்கூடிய தாக்கங்கள் மதிப்பிடப்பட்டு, உரிய தணிப்பு நடவடிக்கைகள் முன்மொழியப்பட்டுள்ளன.'

இது எந்த நிறுவனத்தின் அறிக்கையிலிருந்தும் எடுத்ததல்ல. நானே செய்த மாதிரி. ஆனால் ஒரு ஆலைக்காக நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஒரு தடவை போய் உட்கார்ந்தவர்களுக்கு, இந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். முதலில் யாரோ ஆங்கிலத்தில் ஒரு அறிமுகம் எழுதியிருப்பார். அதை இன்னொருவர் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருப்பார். மூன்றாமவர் மைக் முன்னால் நின்று அதை மளமளவென்று படிப்பார். எதிரே வலையையும் வேலையையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் நாம் என்ன சொல்கிறோம்? 'ஜனங்களுக்கு டெக்னிக்கல் சமாச்சாரம் புரியாதுங்க. வந்தா சத்தம்தான் போடுவாங்க.'

நான் சொல்கிறேன், புரியாதது டெக்னிக்கல் சமாச்சாரம் அல்ல. அந்தத் தமிழ். அதிலும் ஒரு விஷயம், அந்தத் தமிழ் புரியாமல் இருப்பது பல பேருக்கு ரொம்ப வசதி.

* * *

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய ஆலைகள் வருவதற்கு முன் அந்த இடத்து மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்க வேண்டும். கலெக்டரோ, கூடுதல் மாவட்ட நீதிபதி அந்தஸ்துக்குக் குறையாத ஒருவரோ தலைமை தாங்க வேண்டும். நிறுவனத்தின் ஆள் எழுந்து திட்டம் என்ன, அறிக்கை என்ன என்று விளக்கித்தான் கூட்டத்தைத் தொடங்க வேண்டும். கடைசியில் ஒரு நல்ல விதி இருக்கிறது. மக்கள் பேசியதன் சுருக்கத்தை எழுதி, அங்கேயே உள்ளூர் மொழியில் விளக்கிப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் வீடியோவும் எடுக்க வேண்டும்.

ஆக, மொழிபெயர்ப்பு என்பது அங்கே விருந்தில் வைக்கிற ஊறுகாய் இல்லை. அதுதான் சோறு. முதல் பத்து நிமிடம் படிக்கப்படும் அறிமுகம் புரியவில்லை என்றால், அதற்குப் பிறகு கேட்கப்படும் 'கருத்து' எதன் மேல் சொல்லப்படுகிற கருத்து?

வள்ளூர்ப் பக்கம் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் கிடையாது. மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் பாதிப் பாதி கூட்டாகப் போட்ட 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் வள்ளூரில் நிற்கிறது. கொஞ்சம் தள்ளி வடசென்னை அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். இவற்றுக்கு நடுவில்தான் கொசஸ்தலையாறு கடலுக்குப் போக வழி தேடுகிறது. அந்த ஆற்றில் வலை போடுகிறவர்களும், தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். இந்த ஜனங்களிடம்தான் 'தணிப்பு நடவடிக்கைகள் முன்மொழியப்பட்டுள்ளன' என்று சொல்கிறோம்.

* * *

இதில் எனக்கும் பங்குண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்காக இப்படி ஒன்றரைப் பக்க ஆங்கில அறிமுகத்தைத் தமிழாக்கிக் கொடுத்தேன். மேலே இருக்கிற மாதிரியேதான் செய்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது. அதை வள்ளூர்ப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் ஒருத்தர் மரியாதையாகக் கேட்டார்: "சார், நல்லாப் படிச்சீங்க. இப்ப அதுல இன்னா போட்டுக்குதுன்னு சொல்லுங்க."

அன்றைக்குத்தான் திரும்ப உட்கார்ந்தேன். அதில் நான் கற்றுக்கொண்டதை, அந்த மாதிரி வாக்கியத்தை வைத்தே சொல்கிறேன்.

முதல் சொல்லிலேயே தப்பு இருக்கிறது. 'உத்தேசிக்கப்பட்டுள்ள'. ஆங்கிலத்தில் 'ப்ரொபோஸ்ட்'. இந்தக் கூட்டம் முழுவதற்கும் உயிரான சொல் இது. இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, இனிமேல்தான் முடிவு செய்யப்போகிறார்கள், நீங்கள் சொல்வதையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிற அத்தனையும் அதற்குள் இருக்கிறது. ஆனால் 'உத்தேசிக்கப்பட்டுள்ள' என்று கேட்கிறவருக்கு ஏதோ பெரிய இடத்தில் முடிவு பண்ணியாகிவிட்டது என்றுதான் காதில் விழும். பேச்சுத் தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடாதீர்கள். கிடைக்காது. மூணு சின்ன வாக்கியம் போடுங்கள். 'இங்க ஒரு பிளாண்ட் கட்டணும்னு நாங்க அனுமதி கேட்டிருக்கோம். இன்னும் கொடுக்கல. கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கணும்னு சட்டம் இருக்கு, அதுக்குத்தான் இந்தக் கூட்டம்.' சொற்கள் கூடிவிட்டதா? கூடட்டும். காது படிக்கிற வேகம் வேறு, கண் படிக்கிற வேகம் வேறு.

அடுத்தது '10 கி.மீ. சுற்றளவு'. இது அறியாமல் சொல்லப்படும் பொய். ஆங்கிலத்தில் இருப்பது 'ரேடியஸ்', அதாவது ஆரம். சுற்றளவு என்பது சுற்றி நடந்து வந்தால் வரும் தூரம். சுற்றளவு 10 கிலோமீட்டர் என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம்தான்! ஆரம் என்று திருத்தினால் போதுமா? கணக்கு வாத்தியாருக்குப் போதும். வள்ளூர்க்காரருக்கு இப்படிச் சொல்லுங்கள்: 'இந்த இடத்துலருந்து எந்தப் பக்கம் போனாலும் பத்து கிலோமீட்டர் வரைக்கும் பார்த்திருக்கோம். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் எல்லாம் இதுக்குள்ள வருது. பழவேற்காடு வராது.' இப்போது எழுந்து ஒருவர் கேட்பார்: 'பழவேற்காட்டுல மீன் பிடிக்கிறவன் எங்க மச்சான், அவனை ஏன் விட்டீங்க?' இதுதான் கருத்துக் கேட்பு. ஆய்வின் எல்லையைப் பற்றி ஒரு நிபுணர் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதால் வந்த கேள்வி அது.

* * *

இனிமேல்தான் முக்கியமான இடம். இரண்டு 'பட்டு', ஒரு 'பட்டுள்ளன'. சேகரிக்கப்பட்டு, மதிப்பிடப்பட்டு, முன்மொழியப்பட்டுள்ளன. சரி, யார் சேகரித்தது? யார் மதிப்பிட்டது? நிறுவனம் பணம் கொடுத்து அமர்த்திய ஆலோசகர். அது சட்டப்படி சரிதான், ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் 'படு' போட்ட உடனே செய்தவர் மறைந்துவிடுகிறார். ஏதோ மழை பெய்தது மாதிரி மதிப்பீடு தானாக நடந்துவிட்டது.

நம் ஊர்ப் பேச்சில் இந்தப் 'படும்' வருவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? 'என்னால் இட்லி உண்ணப்பட்டது' என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? 'நான் இட்லி சாப்பிட்டேன்.' பேச்சுத் தமிழுக்கு ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் வினைச்சொல் நகராது. அதனால் எழுதியதைப் பேச்சாக மாற்ற உட்கார்ந்தால், ஒவ்வொரு 'படும்' முன்னாலும் நீங்கள் 'யாரு?' என்று நின்றே ஆக வேண்டும்.

ஒரு உதாரணம் பாருங்கள். இந்த அறிக்கைகளில் தவறாமல் வருகிற வகை வாக்கியம்: 'சாம்பல், சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் அகற்றப்படும்.' இதைப் பேச்சுத் தமிழாக்குங்கள் பார்க்கலாம். 'சாம்பலை நாங்க...' என்று ஆரம்பித்ததும் அடுத்த சொல் வராது. எங்கே கொண்டுபோய்? எதில் ஏற்றி? எவ்வளவு? ஆங்கில மூலத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பீர்கள். அங்கேயும் இருக்காது. 'வில் பீ டிஸ்போஸ்ட் ஆஃப்' என்று மட்டும் இருக்கும்.

அப்போதுதான் ஒன்று புரியும். இது மொழிபெயர்ப்பில் வந்த சிக்கலே அல்ல. மூலத்தில் விஷயம் இல்லை. புத்தகத் தமிழ் அந்த ஓட்டையை அழகாக மூடிவிடும். பேச்சுத் தமிழால் மூட முடியாது. நல்ல மொழிபெயர்ப்பாளர் அங்கே தானாக எதையும் இட்டு நிரப்பக் கூடாது. எழுதியவருக்குப் போன் போட்டு, 'எங்க சார் கொட்டுவீங்க?' என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் எழுதுங்கள். வரவில்லை என்றால், 'சாம்பலை எங்க கொண்டுபோவோம்னு இந்த அறிக்கையில சொல்லல' என்று எழுதுங்கள். அதுதான் நேர்மையான தமிழாக்கம்.

இன்னொரு சொல்லையும் விடக் கூடாது. 'சாம்பல் குளம்'. 'ஆஷ் பாண்ட்' என்பதற்கு நேர்த் தமிழ். ஆனால் குளம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தாமரை, படித்துறை, தெப்பம். அங்கே இருப்பதோ, பெரிய நிலப்பரப்பைச் சுற்றிக் கரை கட்டி, தண்ணீரில் கரைத்த சாம்பலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து தேக்கும் இடம். வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்த ஆற்றில் இறங்குகிறவர்களிடம் 'குளம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எப்படி? 'சாம்பத் தண்ணியைத் தேக்கி வைக்கக் கரை கட்டின இடம். பிளாண்ட்லருந்து அங்க வரைக்கும் பைப் போகும்' என்று சொன்னால்தான், 'பைப் ஆத்தைத் தாண்டுதா? ஒடைஞ்சா யாருக்குப் போன் பண்றது?' என்ற கேள்வி வரும்.

* * *

எண்களுக்கும் இதே கதிதான். 500 மெகாவாட் அலகு ஒன்று முழு மூச்சாக ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 7,500 டன் நிலக்கரி தின்னும். நூற்றுக்கு 34 பங்கு சாம்பல் என்று வைத்தால் 2,550 டன் சாம்பல். இதை எப்படிச் சொல்வது? எண்ணை எடுத்துவிட்டு 'நிறைய' என்று சொன்னால் அது ஏமாற்று. எண்ணை மட்டும் சொன்னால் காதோடு போய்விடும். 'இருபது டன் லாரியில அள்ளினா தினம் 128 லாரி' என்று சொன்னேன். உடனே ஒருவர், 'இத்தனை லாரியும் எங்க தெரு வழியாவா?' என்று பதறினார். தப்பு என்னுடையது. உவமையைச் சொன்னவன், அது உவமை என்று சொல்லவில்லை. 'கணக்குக்குத்தான் லாரின்னு சொல்றேன், பாதி சாம்பல் பைப்புல போகும், மீதி இப்படிப் போகும்' என்று, அறிக்கையில் உள்ளதை உள்ளபடி சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு எண். கடல் தண்ணீரை எடுத்து இயந்திரத்தைக் குளிர வைத்துவிட்டுத் திரும்ப விடும் புதிய அனல் மின் நிலையங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. வெளியே விடும் தண்ணீரின் சூடு, அது போய்ச் சேரும் தண்ணீரின் சூட்டைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடக் கூடாது. அறிக்கையில் இது 'சுற்றுப்புற வெப்பநிலையைவிட 7 டிகிரிக்கு மிகாமல் வெளியேற்றப்படும் குளிர்விப்பு நீர்' என்று இருக்கும். 'கடல்ல தண்ணி எடுப்போம். மெஷினைக் குளிர வச்சுட்டுத் திரும்ப விடுவோம். விடறப்ப அது சுடுதண்ணியா இருக்கும். அங்க இருக்கிற தண்ணியைவிட ஏழு டிகிரி வரைக்கும் சூடு கூடலாம், அதுக்கு மேல கூடாதுன்னு சட்டம்' என்று சொன்னால் போதும். 'மீன் வெந்துவிடும்' என்று நாமாகச் சேர்க்கக் கூடாது. 'ஒன்றும் ஆகாது' என்றும் சேர்க்கக் கூடாது. இரண்டுமே மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. புரிய வைப்பதும் பக்கம் சாய்வதும் வேறு வேறு.

* * *

'அப்ப இங்கிலீஷைக் கலக்கலாமா?' என்று தமிழ்ப் பற்றாளர்கள் முறைப்பது தெரிகிறது. கரண்ட், பைப், லாரி, பிளாண்ட், டிகிரி எல்லாம் வள்ளூரில் அன்றாடம் புழங்குகிற சொற்கள். அவற்றை விரட்டிவிட்டு 'மின்னாற்றல்', 'குளிர்விப்பு' என்று எழுதினால் தமிழ் வளராது, தூரம்தான் வளரும். குழாய், சாம்பல், சுடுதண்ணி என்று ஜனங்கள் வாயில் தமிழ் இருக்கும்போது அதையே வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோல் ஒன்றுதான். அந்த ஊரில் அந்தச் சொல் நடமாடுகிறதா?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. 'ஜனங்க பாஷையில பேசறேன்' என்று சில பேர் சினிமாவில் கற்ற வடசென்னைத் தமிழை எடுத்து விடுவார்கள். 'இன்னா நைனா, சோக்கா கீதா?' அதைவிட அவமானம் கிடையாது. அந்த மனிதர் தன் பேச்சைத் தானே பேசுவார். நீங்கள் அவரை நகல் எடுக்க வேண்டாம். நீங்கள் உங்கள் அம்மாவிடம் பேசும் சாதாரணத் தமிழ் போதும். வருது, போகுது, இருக்கு, செய்வோம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைச்சொல். அவ்வளவுதான் ரகசியம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், நாற்பது சொல் வாக்கியத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய நாற்பதாவது சொல் வரை காத்திருக்க வேண்டும். காகிதத்தில் திரும்பிப் பார்க்கலாம். மைக்கில் திரும்பிப் பார்க்க முடியாது.

புரிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறேன். 'புரியுதா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் அந்த ஊரில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டி, 'உங்க வீட்டுல போய் இதை எப்படிச் சொல்வீங்க?' என்று கேளுங்கள். எங்கே திக்குகிறார்களோ அங்கே உங்கள் தமிழ் ஓட்டை. அவர்கள் திருப்பிச் சொல்லும்போது போடுகிற சொல்லே பல சமயம் நீங்கள் தேடிக்கொண்டிருந்த சொல்லாக இருக்கும்.

* * *

அதிகாரிகள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். 'சட்ட ஆவணம் சார், பேச்சுத் தமிழ்ல எழுதினா துல்லியம் போயிடும்.' துல்லியமான அச்சுப் பிரதி இருக்கட்டும். கலெக்டர் ஆபீஸில் வையுங்கள், பஞ்சாயத்து ஆபீஸில் வையுங்கள். நான் பேசுவது மைக்கில் சொல்லப்படுவதைப் பற்றி. அது தவிர, 'சுற்றளவு' என்று தப்பாக அச்சடிப்பதா துல்லியம்? 'அகற்றப்படும்' என்று எங்கே என்று சொல்லாமல் விடுவதா துல்லியம்?

இந்த மனப்பான்மை மேலிருந்து வருகிறது. 2020-இல் இதே சுற்றுச்சூழல் விதிகளை மாற்றுவதற்கான வரைவை மத்திய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டுவிட்டு நாடு முழுவதும் கருத்துக் கேட்டது. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூனில் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. மொழிபெயர்ப்பதையே தொல்லையாக நினைக்கிறவர்கள், பேச்சுத் தமிழில் புரியவைக்கவா மெனக்கெடுவார்கள்?

ஆனால் நம் கையில் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அடுத்த முறை எங்கேயாவது இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனால், 'தணிப்பு நடவடிக்கைகள் முன்மொழியப்பட்டுள்ளன' என்று மைக்கில் வந்த உடனே எழுந்து நில்லுங்கள். 'சார், இது எங்களுக்குப் புரியல. யாரு, எங்க, எவ்வளவு, எப்பன்னு சொல்லுங்க. நாங்க கேட்டோம்னு மினிட்ஸ்ல எழுதுங்க' என்று சொல்லுங்கள். கடைசியில் அதைப் படித்துக் காட்டும்போது, எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

என் டீக்கடை நண்பர் கேட்டதும் இதைத்தானே. 'இப்ப அதுல இன்னா போட்டுக்குதுன்னு சொல்லுங்க.' அவருக்குப் பதில் சொல்லத் தெரியாத தமிழ், எத்தனை பிழையில்லாமல் இருந்தால்தான் என்ன?